முதல் டிரேடிங் உத்தி: ஒரு தாளில் எழுத வேண்டிய நான்கு விஷயங்கள்

நான் எழுதி வைத்த முதல் உத்தி இரண்டே வரி. "வலுவான பிரேக்அவுட் வந்தால் வாங்கு. ட்ரெண்ட் உடைந்தால் விற்றுவிடு." பிரேக்அவுட் என்றால் விலை தன் பழைய உச்சத்தை உடைத்து மேலே போவது. அந்த இரண்டு வரியை நம்பித்தான் சில மாதம் ஓட்டினேன். ஒருநாள் நண்பன் ஒருவனிடம் அந்த இரண்டு வரியையும் ஒரு ஷேரின் ஆறு மாத சார்ட்டையும் கொடுத்து, எங்கே வாங்குவாய், எங்கே விற்பாய் என்று பென்சிலால் குறிக்கச் சொன்னேன். நான் ஐந்து இடத்தில் குறித்திருந்தேன். அவன் ஒன்பது இடத்தில் குறித்தான். இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது மூன்று. "வலுவான" என்பதற்கு அவனுக்கு ஓர் அர்த்தம், எனக்கு வேறு. அதைவிட மோசம், திங்கட்கிழமை எனக்கு ஓர் அர்த்தம், நஷ்டப்பட்ட மறுநாள் இன்னோர் அர்த்தம்.

அன்றிலிருந்து என் அளவுகோல் இதுதான்: தாளில் உள்ளதைப் படித்து வேறொருவர் அதே சார்ட்டில் அதே நாளில், அதே எண்ணிக்கையில் வாங்க முடிந்தால்தான் அது உத்தி. அதற்கு நான்கு விஷயம் தாளில் இருக்க வேண்டும்: எப்போது நுழைவது, எப்போது வெளியேறுவது, எத்தனை ஷேர், எப்போது கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருப்பது. ஓர் உத்தியை முழுதாக எடுத்து இந்த நான்கையும் எழுதிப் பார்க்கலாம். இதை அப்படியே பின்பற்றி வாங்குங்கள் என்று சொல்லவில்லை. எவ்வளவு துல்லியமாக எழுத வேண்டும் என்பதற்கான மாதிரி இது.

எந்தக் களம்?

என்எஸ்இயில் நிஃப்டி 50 பட்டியலில் உள்ள ஷேர்கள் மட்டும். டெலிவரியில், அதாவது அன்றே விற்காமல் டீமேட் கணக்கில் வைத்துக்கொள்ளும்படி வாங்குவது, தினசரி சார்ட், மாலையில் அரை மணி நேர வேலை. முதலீடு 2 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் ஏன் வேண்டாம்? 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் அங்கே வர்த்தகம் செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டதாக செபியே ஆய்வு செய்து சொன்னது. அது ஒரு காரணம். இங்கே எனக்கு அதைவிட முக்கியமான காரணம் வேறு. 2024 நவம்பரிலிருந்து புதிய குறியீட்டு ஒப்பந்தங்களின் மதிப்பு குறைந்தது 15 லட்சம் ரூபாய் இருக்க வேண்டும் என்று விதி. எத்தனை வாங்குவது என்பதை அங்கே லாட் என்ற நிர்ணயித்த தொகுப்பு தீர்மானிக்கிறது, நீங்கள் தீர்மானிப்பதில்லை. உத்தியின் நான்கு பகுதியில் ஒன்று அப்போதே உங்கள் கையை விட்டுப் போய்விடுகிறது. டெலிவரியில் 7 ஷேர்கூட வாங்கலாம், 50ம் வாங்கலாம்.

நுழைவு

தாளில் எழுதும் விதி: இன்றைய முடிவு விலை, இதற்கு முந்தைய 20 வர்த்தக நாட்களின் அதிகபட்ச விலையைத் தாண்டியிருந்தால் நாளை காலை வாங்கு.

இது என் கண்டுபிடிப்பு அல்ல. 1983இல் சிகாகோவில் ரிச்சர்ட் டென்னிஸும் வில்லியம் எக்ஹார்ட்டும் புதியவர்களைச் சேர்த்து "ஆமைகள்" என்று பெயர் வைத்துப் பயிற்சி கொடுத்தார்களே, அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த விதிகளில் ஒன்றின் எளிய வடிவம். அவர்கள் பல சரக்குகளின் ஃபியூச்சர்ஸில், ஏறும்போதும் இறங்கும்போதும் விளையாடினார்கள். நாம் ஷேரை வாங்கி விற்பது மட்டுமே. அதனால் அவர்களுக்குக் கிடைத்த லாபம் நமக்கும் கிடைக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. விதி தெளிவாக இருக்கிறது, கடன் வாங்கிக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

சார்ட்டில் Donchian Channels என்று தேடிச் சேர்த்தால் 20 நாள் உச்சம் கோடாகத் தெரியும். இதில் ஒரு சின்னப் பொறி இருக்கிறது. அந்தக் கோடு இன்றைய நாளையும் சேர்த்தே கணக்கிடும். இன்றைய முடிவு விலை இன்றைய உச்சத்தைத் தாண்டவே முடியாது, ஆகவே கோட்டுக்கு மேலே முடிந்த நாள் என்று ஒன்றுகூடக் கிடைக்காது. புதிதாக வருபவர்கள் "சிக்னலே வரவில்லையே" என்று குழம்புவது இங்கேதான். நேற்றைய கேண்டிலில் கோடு எங்கே இருந்தது என்று பார்த்து, அதோடு இன்றைய முடிவு விலையை ஒப்பிட வேண்டும்.

"நாளை காலை வாங்கு" என்பதிலும் ஓட்டை உண்டு. காலையில் விலை எகிறித் திறந்தால்? அதற்கு எனக்கு ஏடிஆர் வேண்டும். ஒரு ஷேர் ஒரு நாளில் சராசரியாக எத்தனை ரூபாய் ஆடுகிறது என்பதைச் சொல்லும் அளவு அது. சார்ட்டில் ATR என்று தேடினால் வரும், 14 நாள் என்று இருப்பதை அப்படியே விடலாம். விதியின் மீதி: சிக்னல் நாளின் முடிவு விலையோடு பாதி ஏடிஆரைக் கூட்டி, அந்த விலைக்கு மேல் வாங்காத லிமிட் ஆர்டரை இரவே போடு. காலை 9:30க்குள் கிடைக்கவில்லையென்றால் ரத்து செய்.

ஓர் உதாரணம். ஒரு ஷேரின் முந்தைய 20 நாள் உச்சம் 798. இன்று 804இல் முடிந்தது. ஏடிஆர் 20 ரூபாய். லிமிட் 814. காலை 806இல் திறந்தால் 806க்கே கிடைக்கும். 822இல் திறந்தால் ஆர்டர் நிறைவேறாது, பஸ் போய்விட்டது, விட்டுவிட வேண்டும். அப்புறம் துரத்திப் போய் ஏறுகிற வேலை இல்லை.

ஒரே மாலையில் மூன்று ஷேரில் சிக்னல் வந்து, ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால்? பெரும்பாலோர் இதை எழுதுவதே இல்லை. கடைசியில் டிவியில் பெயர் கேட்ட ஷேரை வாங்குவார்கள். என் தாளில்: கடந்த ஆறு மாதத்தில் சதவீதக் கணக்கில் எது அதிகம் ஏறியதோ அது. வேறு விதியும் வைக்கலாம், ஆனால் ஏதோ ஒன்று எழுத்தில் இருக்க வேண்டும்.

வெளியேறுதல்

இரண்டு கதவு. தவறாகப் போனால் ஒன்று, சரியாகப் போனால் ஒன்று.

முதல் கதவு ஸ்டாப்லாஸ், அதாவது நஷ்டத்தை நிறுத்த விற்றுவிடும் விலை. வாங்கிய விலையிலிருந்து இரண்டு ஏடிஆர் கீழே. 806இல் வாங்கினோம், ஏடிஆர் 20, ஆக 766. ஏன் இரண்டு மடங்கு? ஒரு நாளில் 20 ரூபாய் ஆடுவது அந்த ஷேருக்கு வழக்கம். 10 ரூபாய் கீழே ஸ்டாப் வைத்தால் வழக்கமான ஆட்டமே நம்மை வெளியே தள்ளிவிடும். 766 வரை வந்துவிட்டது என்றால் நாம் நினைத்த பிரேக்அவுட் பொய்த்துவிட்டது என்று ஒப்புக்கொள்ளலாம்.

வாங்கிய உடனேயே தரகர் செயலியில், அந்த விலை வரும்வரை காத்திருக்கும் ஜிடிடி ஆர்டராக இதைப் போட்டுவிட வேண்டும். அதில் இரண்டு விலை கேட்கும்: தூண்டும் விலை ஒன்று, விற்க லிமிட் விலை ஒன்று. நான் முதன்முதலில் 766, 765 என்று அடுத்தடுத்துப் போட்டு ஏமாந்திருக்கிறேன். மறுநாள் ஷேர் 748இல் திறந்தது. ஆர்டர் தூண்டப்பட்டது, ஆனால் "765க்குக் குறையாமல் விற்கவும்" என்று சொல்லி வைத்திருக்கிறேனே, 748இல் யார் 765 கொடுத்து வாங்குவார்? ஆர்டர் அப்படியே தொங்கியது, ஷேர் இன்னும் கீழே போனது. லிமிட் விலையை நான்கைந்து சதவீதம் கீழே, 730 போல வைக்க வேண்டும். அதனால் 730க்கு விற்றுவிடாது, அந்த நேரத்தில் கிடைக்கும் நல்ல விலையான 748 பக்கம்தான் விற்கும். இன்னொன்று, போனஸோ ஸ்பிளிட்டோ வந்தால் பழைய 766 பொருந்தாது, கணக்கிட்டுப் புதிதாகப் போட வேண்டும்.

இரண்டாவது கதவு: முடிவு விலை, முந்தைய 10 நாட்களின் குறைந்தபட்ச விலைக்குக் கீழே போனால் மறுநாள் காலை விற்றுவிடு. விலை ஏற ஏற இந்தக் கோடும் தானாக மேலே வரும். இரண்டில் எது முதலில் வருகிறதோ அதன்படி வெளியே.

இலக்கு விலை எங்கே என்று கேட்பீர்கள். இந்த உத்தியில் வைக்கவில்லை, வேண்டுமென்றேதான். பிரேக்அவுட் வாங்கும் முறையில் பாதிக்கு மேற்பட்ட டிரேடுகள் சின்ன நஷ்டத்தில் முடிவது சாதாரணம். எப்போதாவது ஓடும் ஓரிரு பெரிய ஓட்டம்தான் அவற்றுக்கெல்லாம் ஈடுகட்டுகிறது. 5 சதவீதத்தில் விற்றுவிடுவேன் என்று எழுதினால் அந்தப் பெரிய ஓட்டத்தை நீங்களே வெட்டிவிடுகிறீர்கள், நஷ்டங்கள் மட்டும் முழுசாக இருக்கும். இலக்கு வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் ஜெயிக்கும் சதவீதம் அதிகமுள்ள வேறு நுழைவு விதி தேவை.

எத்தனை ஷேர்?

இங்கேதான் அதிகம் பேர் மேம்போக்காகப் போகிறார்கள். கணக்கு எளிது. ஒரு டிரேடில் ஸ்டாப்லாஸ் அடித்தால் மொத்தப் பணத்தில் 1 சதவீதம் போகலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2 லட்சத்தில் 2,000 ரூபாய். ஒரு ஷேருக்கு நாம் இழக்கக்கூடியது 40 ரூபாய். 2,000ஐ 40ஆல் வகுத்தால் 50 ஷேர். 806 விலையில் 40,300 ரூபாய் போடுகிறோம்.

இதே விலையில் உள்ள இன்னொரு ஷேர் நாளுக்கு 40 ரூபாய் ஆடுகிறது என்றால் ஸ்டாப் 80 ரூபாய் தள்ளிப் போகும், 25 ஷேர்தான் வாங்குவோம். துள்ளுகிற ஷேரில் குறைவாக, அமைதியான ஷேரில் அதிகமாக. இரண்டிலும் தோற்றால் இழப்பது அதே 2,000. நுழைவுக்கு முன்பே ஸ்டாப் தெரிந்தால்தான் இந்தக் கணக்கைப் போடவே முடியும் என்பதைக் கவனியுங்கள். "வாங்கிவிட்டு ஸ்டாப் யோசிக்கலாம்" என்பவரிடம் எத்தனை ஷேர் என்பதற்குப் பதில் இருக்காது.

ஏன் 1 சதவீதம்? பத்துக்கு நான்கு டிரேடு ஜெயிக்கும் முறை என்று வைத்துக்கொண்டால், அடுத்த ஆறு டிரேடும் தோற்க கிட்டத்தட்ட 5 சதவீத வாய்ப்பு உண்டு. நூறு டிரேடு செய்பவர் இப்படி ஒரு வரிசையைச் சந்திக்காமல் இருப்பதுதான் அபூர்வம். ஒவ்வொன்றிலும் 1 சதவீதம் என்றால் ஆறு தோல்விக்குப் பிறகு 6 சதவீதம் குறைவாக இருப்பீர்கள். ஒவ்வொன்றிலும் 5 சதவீதம் என்றால் 26 சதவீதம் போயிருக்கும், பழைய இடத்துக்கு வர 36 சதவீத லாபம் வேண்டும்.

இந்தக் கணக்கு ஓர் இடத்தில் ஏமாற்றும். ஏடிஆர் 8 ரூபாய் மட்டுமே உள்ள 800 ரூபாய் ஷேர் என்றால் 125 ஷேர் வாங்கு என்று வரும். ஒரு லட்சம் ரூபாய், பாதிப் பணம் ஒரே ஷேரில். ஸ்டாப் அடித்தால் 2,000தானே என்று தோன்றும். ஆனால் ஸ்டாப் என்பது அந்த விலை மார்க்கெட்டில் வந்தால்தான். 2020 மார்ச் 5 மாலை ரிசர்வ் வங்கி யெஸ் பேங்க் மீது தடை விதித்தது, மறுநாள் அந்த ஷேர் பாதிக்கு மேல் விழுந்தது. அப்போது அது நிஃப்டி 50 பட்டியலில் இருந்த ஷேர். அப்படி ஒரு நாளை எந்த ஸ்டாப்லாஸும் தாங்காது. எவ்வளவு பணம் போட்டிருந்தீர்கள் என்பது மட்டும்தான் காப்பாற்றும். அதனால் தாளில் இன்னொரு வரி: எந்த ஷேரிலும் மொத்தப் பணத்தில் 25 சதவீதத்துக்கு மேல் இல்லை. மேலே சொன்ன ஷேரில் 125 அல்ல, 62.

செலவையும் இங்கேயே பார்த்துவிடலாம். டெலிவரியில் வாங்கும்போதும் விற்கும்போதும் 0.1 சதவீதம் பரிவர்த்தனை வரி, வாங்கும்போது முத்திரைக் கட்டணம் 0.015 சதவீதம், விற்கும்போது டீமேட் கட்டணம் சுமார் 15 ரூபாய், இன்னும் சில்லறைகள். தரகு இல்லாத இடத்தில்கூட நம் 40,300 ரூபாய் டிரேடுக்கு போய்வர சுமார் 110 ரூபாய் ஆகும். 2,000 ரூபாய் ரிஸ்க்கில் அது ஐந்தாறு சதவீதம், தாங்கலாம். முதலீடே 20,000 என்றால் ரிஸ்க் 200, வாங்குவது 5 ஷேர், செலவோ 25 ரூபாய் பக்கம். ஒவ்வொரு டிரேடிலும் ரிஸ்க்கில் எட்டில் ஒரு பங்கு கட்டணத்துக்கே போகிறது. சின்னப் பணத்தில் இந்த உத்தியைப் பழகலாம், சம்பாதிப்பது கஷ்டம்.

சும்மா இருக்கும் நாட்கள்

முதல் மூன்றையும் எழுதுபவர்கள்கூட இதை விட்டுவிடுகிறார்கள். சிக்னல் வந்தும் வாங்காமல் இருக்கும் நிலைமைகள் இவை. "மார்க்கெட் சரியில்லை என்றால் வேண்டாம்" என்று எழுதினால் என் பழைய இரண்டு வரிக் கதைதான். நான் வைத்திருப்பவை சில.

நிஃப்டி தன் 200 நாள் சராசரிக்குக் கீழே முடிந்திருந்தால் புதிதாக எதையும் வாங்குவதில்லை. 2020 பிப்ரவரி கடைசியில் நிஃப்டி அந்தக் கோட்டுக்குக் கீழே 11,200 அருகில் இருந்தது. மார்ச் 23 அன்று 7,610இல் முடிந்தது, அந்த ஒரு நாளில் மட்டும் 13 சதவீதம் வீழ்ச்சி. நடுவில் வந்த எந்த பிரேக்அவுட்டையும் இந்த விதி வாங்க விட்டிருக்காது. ஆனால் இதற்கு விலையும் உண்டு. நிஃப்டி மறுபடி கோட்டைத் தாண்டியது ஜூலையில். அதற்குள் அடிமட்டத்திலிருந்து 40 சதவீதத்துக்கு மேல் ஏறிவிட்டது, அந்த ஏற்றத்தில் நமக்குப் பங்கு இல்லை. அக்கம்பக்கத்தில் எல்லாரும் லாபம் பேசும்போது மூன்று மாதம் சும்மா உட்கார முடியுமா என்று எழுதுவதற்கு முன்பே யோசித்துக்கொள்ளுங்கள். முடியாதென்றால் இந்த வரியை எழுதாதீர்கள்; எழுதிவிட்டு மீறுவது எழுதாததைவிட மோசம்.

இந்தக் கோடு எல்லாவற்றையும் பிடிக்காது. 2024 ஜூன் 3இல் நிஃப்டி கோட்டுக்கு வெகு மேலே, அன்று 3 சதவீதத்துக்கு மேல் ஏறியது. ஏகப்பட்ட ஷேரில் 20 நாள் உச்சம் உடைந்தது. மறுநாள் தேர்தல் முடிவு, ஏறக்குறைய 6 சதவீதம் விழுந்தது. தேதி முன்கூட்டியே தெரிந்த நிகழ்வுகளுக்குத் தனி வரி வேண்டும்: மத்திய பட்ஜெட், பொதுத்தேர்தல் வாக்கு எண்ணிக்கை, இவற்றுக்கு முந்தைய இரண்டு நாட்களில் வரும் சிக்னலை எடுப்பதில்லை.

அதே காரணத்துக்காக, நிறுவனத்தின் காலாண்டு முடிவு அடுத்த ஐந்து வர்த்தக நாட்களுக்குள் என்றால் வாங்குவதில்லை. இயக்குநர் குழு கூடும் தேதி என்எஸ்இ தளத்தில் முன்பே வந்துவிடும். ஏற்கனவே கையில் இருக்கும் ஷேருக்கு ரிசல்ட் வந்தால்? சும்மா இருப்பது என்பது புதிய நுழைவுக்கு மட்டும்தான், கையில் உள்ளவை வெளியேறும் விதிப்படியே போகும். இதில் ஒரே ஒரு விலக்கு: ஷேர் இன்னும் நம் ரிஸ்க் அளவுக்கு, அதாவது இங்கே 40 ரூபாய்க்கு, லாபத்தில் இல்லையென்றால் ரிசல்ட்டுக்கு முந்தைய நாள் விற்றுவிடுகிறேன்.

கையில் நான்கு ஷேர் இருந்தால் ஐந்தாவது இல்லை, அதில் ஒரே துறையில் இரண்டுக்கு மேல் இல்லை. நான்கு வங்கி ஷேர் என்பது நான்கு டிரேடு அல்ல, ஒரே டிரேடை நான்கு முறை செய்வது. கடைசியாக, மொத்தப் பணம் அதன் உச்சத்திலிருந்து 10 சதவீதம் இறங்கினால் ஒரு மாதம் புதிய டிரேடு கிடையாது. அந்த மாதத்தில் பழைய டிரேடுகளை எடுத்து, நஷ்டம் விதியைப் பின்பற்றியதால் வந்ததா, மீறியதால் வந்ததா என்று பிரித்துப் பார்ப்பேன். என் அனுபவத்தில் இரண்டாவது குவியல்தான் பெரிதாக இருந்திருக்கிறது.

ஒரு டிரேடு, ஆரம்பம் முதல் முடிவு வரை

அந்த 806 ரூபாய் டிரேடுக்கே வருவோம். வாங்கும் முந்தைய மாலை சரிபார்த்தது: நிஃப்டி சராசரிக்கு மேலே, ரிசல்ட் ஒரு மாதம் தள்ளி, கையில் இரண்டே ஷேர். 50 ஷேர், லிமிட் 814, கிடைத்தது 806, ஜிடிடி 766. முதல் வாரம் 788 வரை இறங்கியது, வயிற்றைப் புரட்டும், செய்வதற்கு ஒன்றுமில்லை. இரண்டாவது வாரம் 838. அப்போது 10 நாள் குறைந்தபட்சம் 788, ஆக நம் வெளியேறும் கோடு ஸ்டாப்பைத் தாண்டி மேலே வந்துவிட்டது. ஐந்தாவது வாரம் 897 வரை போய்த் திரும்பியது, கோடு 871இல். ஒருநாள் 868இல் முடிந்தது. மறுநாள் காலை 865க்கு விற்றோம். ஷேருக்கு 59 ரூபாய், 50 ஷேருக்கு 2,950, செலவு போக 2,840. குறுகிய கால லாபத்துக்கு 20 சதவீத வரி தனி.

897இல் விற்றிருக்கலாமே என்று தோன்றும். குறிப்பேட்டில் அந்த வருத்தத்தை எழுத வேண்டாம். நான் எழுதுவது ரிஸ்க்கின் மடங்கில் மட்டும்: 2,000 ரூபாய்க்கு 2,840, ஆக +1.4. 748இல் கேப் டவுன் ஆகித் திறந்து விற்றிருந்தால் ஷேருக்கு 58 ரூபாய், மொத்தம் 2,900, செலவோடு சுமார் 3,000 நஷ்டம், −1.5. அது விதியை மீறிய நஷ்டம் அல்ல, இந்த ஆட்டத்தின் இயல்பான நஷ்டம்.

பணம் போடும் முன்

தாள் தயாரானதும் சார்ட்டை இரண்டு மூன்று வருடம் பின்னால் இழுத்து, வலது பக்கத்தை மறைத்துக்கொண்டு, ஒவ்வொரு நாளாக நகர்த்தி 30 டிரேடுகளைக் கையால் குறியுங்கள். காலையில் திறந்த விலை லிமிட்டுக்குள் இருந்தால் அந்த விலைக்கு வாங்கியதாக வையுங்கள். ஸ்டாப்புக்குக் கீழே திறந்த நாளில் ஸ்டாப் விலையை எழுதாமல், திறந்த விலையையே எழுதுங்கள். கட்டணத்தைக் கழியுங்கள். ஏறிய காலத்தை மட்டும் எடுக்காமல், நிஃப்டி 200 நாள் சராசரியை மேலும் கீழுமாகக் கடந்த மாதங்களும் அதில் இருக்கட்டும்.

இன்றைய நிஃப்டி 50 பட்டியலை வைத்துப் பழைய சார்ட்டைப் பார்த்தால் கணக்கு கொஞ்சம் அழகாகத்தான் தெரியும், ஏனென்றால் விழுந்தவை பட்டியலை விட்டே போய்விட்டன. யெஸ் பேங்க் 2020 மார்ச்சிலேயே வெளியேறியது. அப்படி நீக்கப்பட்ட நான்கைந்து ஷேரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முப்பதையும் குறித்து முடித்தபின் தாளையும் மறைத்த சார்ட்டையும் வேறொருவரிடம் கொடுங்கள். அவர் குறித்தது எங்கே உங்களோடு ஒத்துப்போகவில்லையோ, அந்த வரியைத் திருத்தி எழுதுங்கள். என் நண்பன் இரண்டாவது முறை 30க்கு 28 சரியாகக் குறித்தான். தவறிய இரண்டும் ரிசல்ட் தேதியை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதில் வந்தவை. சிக்னல் நாளா, வாங்கும் நாளா என்று நான் எழுதவே இல்லை. இப்போது எழுதியிருக்கிறேன்: வாங்கும் நாளிலிருந்து.